ஒரே புலவர், இரண்டு பாட்டு: சங்க இலக்கியக் காதலையும் வீரத்தையும் நெடுவினாவில் எழுதுவது எப்படி?

மேல்நிலைத் தமிழ்த் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்யும்போது, ‘சங்கப் பாடல்களில் காதலும் வீரமும்’ என்று ஒரு நெடுவினா கொடுத்து எழுதச் சொல்வேன். பெரும்பாலான விடைகள் ஒரே மாதிரித் தொடங்கும். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று நூல்களின் பெயர்கள் வரும், அடுத்து ஐந்திணை வரும், அப்புறம் வெட்சி முதல் பாடாண் வரை ஒரு பட்டியல். ஒரு பக்கம் நிறைந்துவிடும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பக்கத்தில் இருக்காது. காதல் எப்படி வெளிப்படுகிறது, வீரம் எப்படி வெளிப்படுகிறது என்பதைக் காட்ட வேண்டுமென்றால் ஒரு பாட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும். அந்த வேலையை இரண்டு பாட்டுகளை வைத்து இங்கே முழுதாகச் செய்து பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்ளும் இரண்டும் ஒரே புலவர் பாடியவை. ஒக்கூர் மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவர். அவர் பாடியவையாக நமக்குக் கிடைத்திருப்பவை மொத்தம் 8 பாடல்கள்தான். குறுந்தொகையில் 5, அகநானூற்றில் 2, புறநானூற்றில் 1. அகத்தையும் புறத்தையும் ஒரே கை எழுதியிருப்பதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புலவரின் குணத்தால் வந்ததா, பாடுபொருளால் வந்ததா என்ற குழப்பம் நமக்கு இருக்காது. உங்கள் பாடநூலில் வேறு பாடல்கள் இருந்தாலும் செய்முறை இதேதான்.

முதல் வேலை: பாட்டைச் சொல் சொல்லாகப் பிரிப்பது

குறுந்தொகை 126ஆம் பாடல் இது:

இளமை பாரார் வளநசைஇச் சென்றோர்
இவணும் வாரார் எவண ரோவெனப்
பெயல்புறந் தந்த பூங்கொடி முல்லைத்
தொகுமுகை இலங்கெயி றாக
நகுமே தோழி நறுந்தண் காரே

நசைஇ என்றால் விரும்பி. இவண் என்றால் இங்கே. எவணர் என்றால் எங்கே இருக்கிறார். பெயல் என்பது மழை, புறந்தருதல் என்பது காத்து வளர்த்தல், முகை என்பது அரும்பு, எயிறு என்பது பல். இத்தனை சொல் தெரிந்தால் பாட்டு திறந்துவிடும். பொருள் தேடிப் போன தலைவன் திரும்பவில்லை, கார்காலம் வந்துவிட்டது. அதைக் கண்ட தலைவி தோழியிடம் சொல்கிறாள்.

இங்கே நிறையப் பேர் தவறவிடும் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. இரண்டாம் அடியின் முடிவில் உள்ள ‘என’. அந்த ‘என’ கடைசி அடியிலுள்ள ‘நகுமே’ என்பதோடு போய்ச் சேர்கிறது. நகுவது யார்? கார்காலம். அப்படியானால் ‘இளமையின் அருமையைப் பார்க்காமல் செல்வத்தை விரும்பிப் போனவர் இங்கும் வரவில்லை, எங்கேதான் இருக்கிறாரோ’ என்று சொல்லிச் சிரிப்பது மழைக்காலம். தலைவி தன் துயரத்தைத் தன் வாயால் சொல்லவில்லை. மழை தன்னைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கிறது என்று மட்டும் சொல்கிறாள். சிரிக்கும் வாயில் தெரிகிற பற்கள் எவை? மழை வளர்த்த முல்லைக் கொடியின் அரும்புகள். ‘தலைவன் வராததால் தலைவி புலம்புகிறாள்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் இந்தப் பாட்டில் உள்ள அத்தனையும் போய்விடும்.

அடுத்தது புறநானூறு 279:

கெடுக சிந்தை; கடிதுஇவள் துணிவே;
மூதின் மகளிர் ஆதல் தகுமே;
மேல்நாள் உற்ற செருவிற்கு இவள்தன்ஐ
யானை எறிந்து களத்துஒழிந் தனனே;
நெருநல் உற்ற செருவிற்கு இவள்கொழுநன்
பெருநிரை விலக்கி ஆண்டுப்பட் டனனே;
இன்றும் செருப்பறை கேட்டு விருப்புற்று மயங்கி
வேல்கைக் கொடுத்து வெளிதுவிரித்து உடீஇப்
பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி
ஒருமகன் அல்லது இல்லோள்
செருமுகம் நோக்கிச் செல்கஎன விடுமே

செரு என்றால் போர். நெருநல் என்றால் நேற்று. நிரை என்பது ஆநிரை, அதாவது மாட்டு மந்தை. வெளிது என்பது வெள்ளாடை. மூதின் மகளிர் என்றால் பழமையான மறக்குடியில் பிறந்த பெண்கள். முன்பு ஒருநாள் நடந்த போரில் இவளுடைய தமையன் யானையை வீழ்த்தித் தானும் களத்தில் மாண்டான். நேற்று நடந்த போரில் இவள் கணவன் ஆநிரையைப் பகைவர் கவராமல் தடுத்து அங்கேயே பட்டான். இன்றும் போர்ப்பறை கேட்கிறது. ஒரே மகன்தான் மிச்சம். அவனையும் ‘போர்க்களம் நோக்கிப் போ’ என்று அனுப்புகிறாள்.

‘தன்ஐ’ என்பதைத் தந்தை என்று கொள்ளும் உரையும் உண்டு, தமையன் என்று கொள்ளும் உரையும் உண்டு. தேர்வில் உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதவேண்டாம்.

இந்தப் பாட்டில் இருமுறை நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் ஏழாம் அடி முதல் ஒன்பதாம் அடி வரை. கேட்டு, விருப்புற்று, மயங்கி, கொடுத்து, உடீஇ, நீவி என்று வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முற்றுவினை கடைசியில்தான், ‘விடுமே’ என்று வருகிறது. அதுவரை அவள் கை நிற்பதே இல்லை. அதற்கு நடுவே ‘மயங்கி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார் புலவர். பறையொலி கேட்டவுடன் அவளுக்கு விருப்பமும் வந்தது, மயக்கமும் வந்தது. அப்புறம் அவள் செய்யும் வேலைகளின் வரிசையைப் பாருங்கள். முதலில் மகன் கையில் வேல் கொடுக்கிறாள். பிறகு வெள்ளாடையை விரித்து உடுத்துகிறாள். பிறகு பரட்டைத் தலையில் எண்ணெய் தடவுகிறாள். தானே உடுத்திக்கொள்ளவும் தலைவாரிக்கொள்ளவும் தெரிந்த வளர்ந்த ஆளுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை. பையன் எவ்வளவு சின்னவன் என்று புலவர் வயது சொல்லவில்லை, எண்ணெயை வைத்துச் சொல்லிவிட்டார். ‘வீரத்தாய்’ என்று மட்டும் எழுதும் விடையில் இந்த எண்ணெய் இருக்காது. எனக்கு அது பெரிய குறையாகப் படும்.

இரண்டாம் வேலை: திணையைச் சரியாகப் பொருத்துவது

தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். நிதானமாகப் போவோம்.

குறுந்தொகைப் பாட்டின் திணை முல்லை. தலைவன் பிரிந்து போயிருக்கிறானே, பிரிவு என்றால் பாலைதானே என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பிரிவு நடந்துவிட்டது. ஆனால் பாட்டு பேசுவது பிரிந்து போகிற நேரத்தையோ, அவன் கடக்கும் வெயில் காட்டையோ அல்ல. வீட்டில் இருந்து காத்திருக்கும் நிலையை. இருத்தலும் அதன் நிமித்தமும் முல்லையின் உரிப்பொருள். திணையை முடிவு செய்வதில் உரிப்பொருளுக்கே முதலிடம். கார்காலமும் முல்லைப் பூவும் அதற்குத் துணை நிற்கின்றன.

முல்லையின் முதற்பொருளை எழுதும்போது ‘காடும் காடு சார்ந்த இடமும், கார்காலமும் மாலைப்பொழுதும் இப்பாட்டில் வந்துள்ளன’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். பாட்டைத் திரும்பப் பாருங்கள். கார் இருக்கிறது, முல்லை இருக்கிறது, மழை இருக்கிறது. மாலை எங்கே? காடு எங்கே? இரண்டும் இல்லை. மனப்பாடம் செய்த வாய்பாட்டைப் பாட்டின் மேல் அப்படியே ஒட்டிவிட்டால், திருத்துபவருக்கு நீங்கள் பாட்டைப் பார்க்காமல் எழுதியது உடனே தெரிந்துவிடும். பாட்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். உள்ளுறை உவமத்துக்கும் இது பொருந்தும். அகப்பாட்டு என்றால் உள்ளுறை இருந்தே தீரும் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பாட்டில் அரும்பைப் பல்லாக்கியது உருவகம். ‘எயிறாக’ என்று புலவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

புறநானூற்றுப் பாட்டின் திணை வாகை, துறை மூதின் முல்லை. ‘முல்லை’ என்ற சொல்லைப் பார்த்ததும் சிலர் இது அகத்திணை முல்லை என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் வேறொரு வகையில் சறுக்குவார்கள். முல்லைக்குப் புறம் வஞ்சி என்று தொல்காப்பியம் சொல்கிறது, ஆகவே இந்தப் பாட்டின் திணை வஞ்சி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். இரண்டும் தவறு. வாகைத் திணையில் ஏறாண் முல்லை, மூதின் முல்லை என்று முல்லை என முடியும் துறைகள் சில உள்ளன. அங்கே முல்லை என்பது திணைப்பெயர் அல்ல. வேல் ஏந்தும் ஆடவர்க்கு மட்டுமன்றி அந்த மறக்குடிப் பெண்களுக்கும் வீரம் மிகுந்திருப்பதைச் சொல்வது மூதின் முல்லை. தொல்காப்பியக் கணக்குப்படி பார்த்தால் வாகை பாலைக்குப் புறம். இந்த இணைகளை விடையில் எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை. எழுதினால் சரியாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாம் வேலை: அகம் எது, புறம் எது என்பதைப் பாட்டிலிருந்தே காட்டுவது

‘அகப்பாடலில் பெயர் வராது, புறப்பாடலில் பெயர் வரும்’ என்பது எல்லோரும் எழுதும் வரி. முதல் பாதி சரி. ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் அகத்துக்கு வரம்பு கட்டியிருக்கிறது. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். புறநானூறு 279இல் யாருடைய பெயர் இருக்கிறது? தாய்க்குப் பெயர் இல்லை, மகனுக்குப் பெயர் இல்லை, எந்த மன்னனுக்காகப் போர் என்றும் இல்லை. இருந்தும் அது புறப்பாட்டு. புறத்தில் பெயர் வரலாம், வந்தே ஆகவேண்டும் என்று விதி இல்லை.

அப்படியானால் வேறுபாட்டை எதை வைத்துக் காட்டுவது? இரண்டு பாட்டிலும் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். குறுந்தொகையில் ‘தோழி’ என்று ஒரு விளி இருக்கிறது. துயரப்படுபவளே தன் நெருங்கிய ஒருத்தியிடம் பேசுகிறாள். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. புறநானூற்றில் ‘இவள்’ என்ற சொல் மூன்று முறை வருகிறது: இவள் துணிவு, இவள் தன்ஐ, இவள் கொழுநன். பேசுபவர் வெளியே நின்று அந்தப் பெண்ணைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறார், நம் எல்லோரையும் பார்க்கச் சொல்கிறார். ஒருத்தியின் மனம் ஒருத்திக்கு மட்டும் தெரிவது அகம். ஊரறிய நடந்து, ஊர் பேசும் செயலாக நிற்பது புறம். ‘தோழி’ என்ற ஒரு சொல்லும் ‘இவள்’ என்ற ஒரு சொல்லும் உங்களுக்கு இதைக் காட்டிவிடுகின்றன.

இந்த அடையாளம் எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புறநானூறு 86இல் காவற்பெண்டு தாயாகவே பேசுகிறார்: ‘ஈன்ற வயிறோ இதுவே’. அங்கே ‘இவள்’ இல்லை. ஆனால் வீட்டுத் தூணைப் பற்றி நின்று ‘உன் மகன் எங்கே’ என்று கேட்ட ஒருவருக்கு அவள் மறுமொழி சொல்கிறாள், மகனைப் போர்க்களத்தில் காணலாம் என்கிறாள். புலி தங்கிப் போன கற்குகை போன்றது தன் வயிறு என்கிறாள். பேச்சு அவளுடையது, பொருள் ஊருக்கு உரியது. ஆகவே ஒவ்வொரு பாட்டிலும் ‘யார், யாரிடம், எதைப் பற்றி’ என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

நான்காம் வேலை: இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டுவது

காதலுக்கு ஒரு பத்தி, வீரத்துக்கு ஒரு பத்தி என்று தனித்தனியே எழுதி நிறுத்தினால் அது இரண்டு சிறுவினாக்களை ஒட்டவைத்தது போல இருக்கும். ஒட்டும் இடத்தைத் தேடுங்கள். நம் இரண்டு பாட்டிலும் ஒரு பெண் வீட்டில் இருக்கிறாள். ஆண் வெளியே போகிறான். இரண்டிலும் வெளியிலிருந்து ஒன்று வந்து அவளைத் தொடுகிறது. ஒன்றில் மழை, மற்றொன்றில் பறை. மழை வந்ததும் தலைவன் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பறை கேட்டதும் மகனை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. முதல் பெண்ணுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை, காத்திருக்கத்தான் முடியும். இரண்டாம் பெண்ணுக்குக் கை நிறைய வேலை. இந்த ஒப்பீடு என் விடைக்கு நடுக்கயிறு. உங்களுக்கு வேறொன்று தோன்றலாம். எதுவானாலும் இரண்டு பாட்டிலும் அடி காட்ட முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் காட்ட முடிந்தால் அது கயிறு ஆகாது.

தேர்வறையில்: நேரமும் அளவும்

தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தமிழ்த் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, 3 மணி நேரம். ஒரு நெடுவினாவுக்கு 6 மதிப்பெண். 180 நிமிடத்தை 90ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம், ஆக ஒரு நெடுவினாவுக்கு 12 நிமிடம். ஒரு மதிப்பெண் வினாக்களில் கொஞ்ச நேரம் மிச்சமாகும் என்பதால் 15 நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் கடைசி வினா அரைகுறையாக நிற்கும். நம் கையெழுத்து வேகத்துக்கு 15 நிமிடத்தில் ஒன்றரைப் பக்கம், அதிகம் போனால் இரண்டு பக்கம் வரும். அதற்குள் இரண்டு பாட்டுதான் அடங்கும். ஐந்து பாட்டை இழுத்துப்போட்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிதான் கிடைக்கும்.

முதலில் வினாவின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘விளக்குக’ என்றால் சான்றோடு சொன்னால் போதும். ‘ஒப்பிடுக’ என்றால் வேற்றுமையையும் ஒற்றுமையையும் இரண்டையும் எழுதியே ஆகவேண்டும். ‘நிறுவுக’ என்றால் வினாவிலேயே ஒரு கருத்து இருக்கும், அதற்குச் சான்று தருவது உங்கள் வேலை.

எழுதத் தொடங்குமுன் வினாத்தாளின் ஓரத்தில் எதுவும் எழுதாமல், விடைத்தாளிலேயே குறிப்புச் சட்டகத்தை எழுதுங்கள். அதில் உட்தலைப்புகள் மட்டும் இருந்தால் போதும். ஆனால் ‘அகம்’, ‘புறம்’, ‘காதல்’, ‘வீரம்’ என்று வெறும் சொற்களாக வைக்காதீர்கள். ‘மழை சிரித்தது’, ‘பறை அழைத்தது’ என்று வைத்தால், பத்தியில் என்ன எழுதப் போகிறோம் என்பது உங்களுக்கே நினைவில் நிற்கும்.

ஒரு மாதிரி விடை

வினா இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘சங்கப் பாடல்களில் காதலும் வீரமும் வெளிப்படும் திறத்தை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.’

குறிப்புச் சட்டகம்: முன்னுரை – மழை சிரித்தது – பறை அழைத்தது – அகமும் புறமும் – முடிவுரை

*முன்னுரை:* சங்க இலக்கியம் காதலை அகம் என்றும், வீரம் முதலிய பிறவற்றைப் புறம் என்றும் பகுத்துப் பாடுகிறது. ஒக்கூர் மாசாத்தியார் இரண்டையும் பாடியவர். அவருடைய குறுந்தொகைப் பாடலையும் புறநானூற்றுப் பாடலையும் கொண்டு இவ்விரு பொருளும் வெளிப்படும் திறத்தைக் காண்போம்.

*மழை சிரித்தது:* பொருள் தேடிச் சென்ற தலைவன் கார்காலம் வந்தும் திரும்பவில்லை. தலைவி தோழியிடம் தன் நிலையைக் கூறுகிறாள். அவள் நேராகத் தன் துயரைச் சொல்லவில்லை. ‘இளமையின் அருமையைப் பாராமல் சென்றவர் இன்னும் வரவில்லையே’ என்று கார்காலம் தன்னைப் பார்த்து நகுவதாகக் கூறுகிறாள். ‘தொகுமுகை இலங்கெயி றாக நகுமே தோழி நறுந்தண் காரே’ என்ற அடிகளில் முல்லை அரும்புகள் மழைக்காலத்தின் பற்களாக உருவகம் செய்யப்பட்டுள்ளன. மணமும் குளிர்ச்சியும் உடைய காலமே பிரிந்தவளுக்குப் பகையாகிறது. காத்திருத்தலைப் பாடுவதால் இது முல்லைத் திணை.

*பறை அழைத்தது:* முன்னொருநாள் போரில் தமையனையும், நேற்றைய போரில் கணவனையும் இழந்தாள் ஒரு மறக்குடிப் பெண். இன்றும் போர்ப்பறை ஒலிக்கிறது. ‘ஒருமகன் அல்லது இல்லோள் செருமுகம் நோக்கிச் செல்கஎன விடுமே’ என்று புலவர் வியக்கிறார். மகனுக்கு வேல் கொடுத்து, வெள்ளாடை உடுத்தி, தலைக்கு எண்ணெய் தடவி அனுப்புகிறாள். ‘விருப்புற்று மயங்கி’ என்ற தொடர் அவள் உள்ளத்தில் மறமும் பாசமும் ஒருங்கே நின்றதைக் காட்டுகிறது. ‘கெடுக சிந்தை, கடிதுஇவள் துணிவே’ என்ற தொடக்கத்தில் புலவரின் திகைப்பும் வெளிப்படுகிறது. திணை வாகை, துறை மூதின் முல்லை.

*அகமும் புறமும்:* அகப்பாடலில் தலைவியே பேசுகிறாள், தோழி கேட்கிறாள். புறப்பாடலில் புலவர் ‘இவள்’ என்று சுட்டிக்காட்ட, உலகம் கேட்கிறது. முதலாமவளால் காத்திருக்க மட்டுமே முடிகிறது. இரண்டாமவள் விரைந்து செயல்படுகிறாள். ஆனால் இரண்டு பாடல்களும் வீட்டில் இருக்கும் பெண்ணின் உள்ளத்தையே காட்டுகின்றன. காதல் பாட்டில் தலைவனைப் பிரித்தது பொருளாசை. வீரப் பாட்டில் மகனைப் பிரித்தது போர்.

*முடிவுரை:* முல்லை அரும்பின் வழியாகக் காதலின் ஏக்கத்தையும், தலையில் தடவிய எண்ணெயின் வழியாக வீரத்தின் விலையையும் மாசாத்தியார் காட்டியுள்ளார். சிறு செயல்களின் வழியே பெரும் உணர்வுகளைக் காட்டுவது சங்கப் பாடல்களின் திறம்.

மாதிரி விடை இதோடு முடிகிறது. இதில் ஐந்திணைப் பட்டியல் இல்லை, நூற்பெயர்ப் பட்டியலும் இல்லை. மேற்கோளாக வந்தவை சில அடிகள்தான். முழுப் பாட்டையும் எழுதிக் காட்டுவதற்கு மனப்பாட வினா தனியாக இருக்கிறது, நெடுவினாவில் அந்த நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒவ்வொரு மேற்கோளுக்குப் பின்னும் அதன் பொருள் மட்டும் இல்லாமல், அந்த அடி என்ன காட்டுகிறது என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு வரியில்தான் உங்கள் மதிப்பெண் இருக்கிறது.

எழுதியதை நீங்களே சோதிக்கும் வழி

வீட்டில் பயிற்சி செய்யும்போது, எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்துப் பாட்டிலிருந்து வந்த சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். மேலே உள்ள விடையில் இரண்டாம், மூன்றாம் பத்திகளில் அடிக்கோடு நிறைய விழும். முன்னுரையில் எதுவும் விழாது, அது பரவாயில்லை. ஆனால் நடுப்பத்தி ஒன்றில் ஒரு கோடுகூட விழவில்லை என்றால், அந்தப் பத்தி எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் பொதுப்பேச்சு. அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அடுத்து, பாட்டின் கதையை மட்டும் சொல்லும் வாக்கியங்களை எண்ணுங்கள். அவை பாதிக்கு மேல் இருந்தால் நீங்கள் எழுதியது தெளிவுரை. தொடக்கத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் வரும். கதையை இரண்டு வாக்கியத்தில் சுருக்கிவிட்டு, மிச்ச இடத்தை ‘நகுமே’, ‘மயங்கி’ போன்ற ஒரு சொல்லுக்குக் கொடுத்தால் விடை மாறிவிடும்.

தேர்வறையில் அடி மறந்துபோவதும் நடக்கும். அப்போது நினைவில் இல்லாததை ஊகித்து மேற்கோள் குறிக்குள் எழுதாதீர்கள். நினைவில் உறுதியாக நிற்கும் ஒரு தொடரை மட்டும் மேற்கோளாக்குங்கள். ‘விருப்புற்று மயங்கி’ என்ற இரண்டே சொல் சரியாக இருந்தால் போதும், பிழையான நான்கு அடிகளைவிட அது மேல். மிச்சத்தை உங்கள் நடையில், மேற்கோள் குறி இல்லாமல் எழுதுங்கள். பாட்டு எண் உறுதியில்லை என்றால் எண்ணை விட்டுவிட்டு நூற்பெயரையும் புலவர் பெயரையும் மட்டும் எழுதுங்கள். புலவர் பெயரும் குழம்பினால் நூற்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் திணையை மட்டும் ஊகிக்க வேண்டிய தேவையே வராது. பாட்டில் அவள் காத்திருக்கிறாளா, அவன் புறப்படுகிறானா, ஊடல் கொண்டிருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள், விடை பாட்டிலேயே இருக்கும்.